பாரு, செய்

குரங்கின் மூளைக்குள் ஊசி இறக்கிப் பார்த்த இத்தாலிக்காரர்கள் யாரும் கும்பகோணத்தில் போர்டு மாட்டச் சொல்லவில்லை. ஆனாலும் மாட்டியிருந்தார்கள். 'ஒளிர் மிர்ரர் நியூரான் பயிற்சி மையம், பாசம் இல்லாத குழந்தைக்கும் பாசம் வரும்' என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஷோபனா. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறவள். கல்லூரியில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு. அந்த அம்மாவிடம் எதை வேண்டுமானாலும் பேசு, மிர்ரர் நியூரான் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே, அப்புறம் வகுப்பு முடியாது என்பார்கள். நியாயமான கேலிதான். வருடா வருடம் எவனாவது கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "மேம், அதனாலதானே நாம சினிமா பாத்து அழுவுறோம்?" என்பான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் எனக்குப் பிடிக்காது.

இந்த முறை கேட்டது மாணவன் இல்லை, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. குத்தாலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் கயல்விழி என்று பதினொரு வயதுப் பெண். ஆட்டிசம், பேச்சு வராது. அவளுடைய சித்தப்பாவும் இல்லை, மாமனும் இல்லை, சொந்தப் பெரியப்பா தியாகேசன் மனுக் கொடுத்திருந்தார். தன் நாலு வயது மகன் இளம்பரிதி வீட்டுக் கொல்லை வாய்க்காலில் மூழ்கும்போது இந்தப் பெண் கரையில் நின்று கையை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தாள், இவளுக்கு நெஞ்சில் ஈரம் கிடையாது, இவளைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மனு. கூடவே அந்த மஞ்சள் போர்டு மையத்தின் சான்றிதழ். 'மிர்ரர் நியூரான் செயல்பாடு மிகக் குறைவு. பிறர் துன்பத்தை உணரும் திறன் இல்லை. உடன் இருக்கும் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து.' இது சரியா என்று கல்லூரியிடம் குழு கருத்துக் கேட்டது. எங்கள் துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மேசையிலேயே உட்கார்ந்து நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கிற விஷயம். அளந்தது எப்படி என்று பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் கும்பகோணம் போனேன்.

மையத்தை நடத்துகிறவர் ராஜராஜன். நாற்பது வயதுக்குள் இருக்கும். இயன்முறை மருத்துவம் படித்தவர், நல்ல மரியாதைக்காரர். மோசடிக்காரனாக இருப்பான், இரண்டு வாங்கு வாங்கலாம் என்று போன எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் தான் சொல்வதை முழுசாக நம்புகிறவர்.

"குரங்குலயே நிரூபிச்சது மேடம்," என்றார். "அடுத்தவங்க செய்யறதப் பாத்தா நம்ம மூளையும் அதையே செய்யுது. அது இருந்தாத்தான் காப்பி பண்ண வரும். காப்பி பண்ண வந்தாத்தான் அடுத்தவங்க வலி புரியும்."

"குரங்குல என்ன நிரூபிச்சாங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் கைபேசியை எடுத்துத் தேடப் போனார். நானே சொன்னேன். குரங்கின் மூளையில், கை அசைவைத் திட்டமிடுகிற முன்பகுதியில், மயிரிழை மாதிரி மின்முனையை இறக்கி ஒரே ஒரு நரம்பணுவின் துடிப்பைக் கேட்டார்கள். குரங்கு தின்பண்டத்தைக் கையால் எடுக்கும்போது அந்த அணு துடித்தது. எதிரே இருந்த மனிதர் எடுப்பதைக் குரங்கு பார்த்தபோதும் அதே அணு துடித்தது. அவ்வளவுதான் கண்டது. அருமையான கண்டுபிடிப்பு, நான் இல்லையென்று சொல்லவில்லை.

"அந்த அணு துடிச்சப்ப குரங்கு கையைத் தூக்குச்சா?" என்று கேட்டேன்.

"தூக்கியிருக்கும்."

"இல்ல. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. குரங்கு குரங்குன்னு நாமதான் சொல்றோம், வளந்த குரங்கு அப்படியொண்ணும் பாத்துச் செய்யற சாதி இல்ல. அந்த அணு இருந்தும் காப்பி பண்ணல. அப்பறம் அது இருந்தா காப்பி வரும், காப்பி வந்தா பாசம் வரும்னு ஏணி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் டீ வரவழைத்தார். மனிதர்களிடம் அப்படி ஊசி இறக்கிப் பார்க்க முடியாது. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது ஏற்கெனவே மூளையில் மின்முனை வைத்திருந்த சிலரிடம்தான் பார்த்தார்கள். அந்த மாதிரி அணுக்கள் இருந்தன, ஆனால் குரங்கில் சொன்ன இடத்தில் அவர்கள் தேடவே இல்லை, வேறு இடங்களில் கிடைத்தன. மற்றதெல்லாம் ஸ்கேனிலும் தலைமேல் ஒட்டுகிற கம்பியிலும் வெளியே நின்று ஊகிப்பது. இதைச் சொல்லிவிட்டு, கயலின் பதிவைக் காட்டச் சொன்னேன்.

காட்டினார். தலையின் நடுவில் மட்டும் சில கம்பிகள். மடிக்கணினியில் ஒரு கை மூடித் திறக்கிற படம். நாம் கையை அசைத்தாலும், இன்னொருவர் அசைப்பதைப் பார்த்தாலும் தலையின் நடுப்பகுதியில் மூளையின் மின்அலை ஒன்று தணியும் என்பது கணக்கு. கயலுக்குத் தணியவில்லையாம்.

"அவ அந்தப் படத்தப் பாத்தாளா?"

"எதிர்லதான் மேடம் வச்சோம்."

"எதிர்ல வச்சீங்க. பாத்தாளா? கண்ணு எங்க இருந்துச்சுன்னு பதிவு இருக்கா?"

இல்லை. பின்தலையில் கம்பியும் ஒட்டவில்லை. கண் ஒன்றைக் கவனிக்கும்போது பின்தலையில் இதே வேகத்து அலை ஒன்று தணியும். அது கலந்துவிட்டால் எது எதென்று பிரிக்க முடியாது. பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இதே கோடுதான் வரும். தம்பியைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து ஒரு வாரத்தில் தூக்கிவந்து கம்பி ஒட்டியிருக்கிறார்கள். பெரிய பெரிய ஆய்வுகளிலேயே ஆட்டிசக் குழந்தைகளுக்கு இந்த அலையில் நிச்சயமான வித்தியாசம் தென்படவில்லை. தெரிந்தாலும் கூட்டத்தின் சராசரியைத்தான் சொல்லலாம், ஒரு பிள்ளையைப் பிடித்து இவளுக்கு ஈரம் இல்லை என்று சொல்லக் கூடாது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒரு வருசமா இங்க வந்துக்கிட்டிருந்த பொண்ணு, பயிற்சி வீண் போகல மேடம்," என்றார் ராஜராஜன். குரலில் வருத்தம் இருந்தது. "நீங்களே பாருங்க, முதல் மாசமும் கடைசி மாசமும்."

முதல் வீடியோவில் கயல் பயிற்சியாளரின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைப் பக்கம் இழுத்தாள். பயிற்சியாளர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை உதறினாள். கயல் மறுபடி இழுத்தாள். மறுபடி உதறல். "கை புடிச்சு இழுக்கிற பழக்கம் கெட்ட பழக்கம் மேடம். நம்ம கையை ஒரு கருவி மாதிரி யூஸ் பண்றாங்க. அத நிறுத்தினாத்தான் காப்பி வரும். வீட்லயும் யாரும் கண்டுக்கக் கூடாதுன்னு சொல்லிடுவோம். தியாகேசன் சார் வீட்ல எல்லாருமே ஒத்துழைச்சாங்க."

கடைசி வீடியோவில் பயிற்சியாளர் "பாரு, செய்" என்றாள். இரண்டு கையையும் தூக்கினாள், கயல் தூக்கினாள். பக்கவாட்டில் விரித்தாள், விரித்தாள். தோளைக் குலுக்கினாள், குலுக்கினாள். கண்ணாடி மாதிரி, நொடி பிசகாமல். செய்ததும் ஒரு முறுக்குத் துண்டு. கடைசியில் "பாரு, செய்" என்று சொல்லாமலே எதிரில் கை அசைந்தால் அவள் கையும் அசைந்தது.

"இப்படிக் காப்பி பண்றவளுக்கா மிர்ரர் நியூரான் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "உங்க ஏணிப்படியே வச்சுக்குவோம். அதுவும் ஒத்து வரலியே."

"டெஸ்ட் என்ன சொல்லுச்சோ அதத்தான் எழுதுனேன் மேடம்."

அப்போதுதான் மனுவோடு இருந்த ரெங்கம்மாளின் வாக்குமூலம் என் நினைவில் வந்து உறைத்தது. நடவு ஆள் அந்த அம்மாள். வயலில் இருந்து பார்த்தபோது, கயல் எப்போதும் கண்ணருகில் விரலை ஆட்டுவது போல ஆட்டவில்லை, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக் கீழே அமுக்கி அமுக்கி எடுத்தாள், ஏதோ புது ஆட்டம் என்று நினைத்தோம் என்று சொல்லியிருந்தாள். நீரில் மூழ்குகிற சிறு பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கையைத் தூக்கி ஆட்டாது. கத்தாது. கையைப் பக்கவாட்டில் விரித்துத் தண்ணீரைக் கீழே அமுக்கும், வாயை மேலே வைத்திருக்க. வருடா வருடம் நான் நடத்துகிற பாடம் இது. ராஜராஜன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை.

மறுநாள் கயலின் ஊருக்குப் போனேன். வீடு ரோட்டிலிருந்து உள்ளடங்கி இருந்தது; முன்னால் டிராக்டர், பின்னால் அடுப்படி, அதை ஒட்டிக் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். மேட்டூர்த் தண்ணீர் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. அக்கரை வயலில் குறுவை நடவு பச்சை கட்டியிருந்தது. பையனின் அம்மா வள்ளியம்மை உள் அறையில் படுத்த படுக்கை என்றார்கள். தியாகேசன் வாசலில் நின்று, "பாருங்க, நல்லாப் பாத்துட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கயலின் அம்மா மேகலா அடுப்படியில் இருந்தாள். கணவன் ராம்கி சிங்கப்பூரில். போனில், அண்ணன் சொல்வதைக் கேள், பெண்ணை அனுப்பிவிடு என்கிறானாம். கயல் ஒரு மூலையில் உட்கார்ந்து உலக்கைப் பூணைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தலையைச் சொறிந்தேன். அவளும் தலையைச் சொறிந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"வீட்லயும் கை இழுத்தா கண்டுக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அவங்க சொன்னாங்க, டாக்டரம்மா. முகத்தத் திருப்பிக்கணும், பதில் சொல்லக் கூடாதுன்னு. ஒருத்தர் எளகுனாலும் எல்லாம் வீணாப் போயிடும்னாங்க. மாமாதான் காசு கட்டுனாரு, அவரே கூட உதறிடுவாரு." மாமா என்றது தியாகேசனை. "பரிதிகூட எங்களப் பாத்து அதே மாதிரி செய்வான். அவ கையப் புடிச்சா மூஞ்சிய இப்புடிச் சுவத்துப் பக்கம் வச்சுக்குவான். யாரும் சொல்லிக் குடுக்கல. எல்லாரும் சிரிப்போம்."

சொல்லிவிட்டு அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நான் கேட்கத் துணியாததை அவளே சொன்னாள்.

"அன்னைக்கி அவ வந்தா."

"எங்க?"

"இங்கதான். நடவாளுக்குச் சோறு வடிச்சுக்கிட்டு நின்னேன். பரிதிய எங்கிட்டத்தான் வள்ளியம்மை அக்கா விட்டுட்டுப் போனாங்க, ரெண்டு பேரும் கொல்லையில வெளாடிக்கிட்டு இருந்தாங்க. இவ ஓடி வந்து கையப் புடிச்சு இழுத்தா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். விடல, இழுத்தா, வளையல் ஒடஞ்சுது. எப்பவும் அப்புடி இழுத்ததில்ல. எனக்குக் கோவம் வந்து உதறித் தள்ளிட்டேன். நின்னு பாத்தா. அப்பறம் போயிட்டா."

வாய்க்கால் ஓரம் கோரை மண்டிக் கிடந்தது. பையனைத் தூக்கியபோது அவன் கைக்குள் பிடுங்கின கோரை இருந்தது என்று வாக்குமூலத்தில் படித்திருந்தேன். அவன் கோரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது இவள் ஓடி வந்திருக்கலாம். திரும்பிப் போனபோது கோரை அறுந்திருக்கலாம். அப்புறம் கரையில் நின்று, தனக்குக் கற்றுக்கொடுத்திருந்த இன்னொன்றை அவள் செய்திருக்கலாம். எல்லாமே 'லாம்'தான். என் தொழில் அப்படி.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா என்ன நடக்கும்னு தெரியாதா உங்களுக்கு? எம் புள்ளய நீதான் கொன்னன்னு அக்கா கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இந்த வீட்ல இருக்க முடியுமா? அவரு என்னய வச்சுக்குவாரா? நீங்க சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழுறேன்."

விழவும் விழுந்தாள். எழுப்பி உட்கார வைத்தேன். சோதனை தப்பு என்பதை மட்டும் நான் சொல்வேன், அவள் சொன்னதை அவள்தான் சொல்ல வேண்டும், அதை நான் எடுத்துப் பேச மாட்டேன் என்றேன். சோதனை தப்பு என்று நிரூபித்தால் போதுமா என்று கேட்டாள். போதும் என்றே நான் நினைத்தேன்.

குழு கூடிய அறை சின்னது. தலைவர் நஜ்மா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பக்கத்தில் உறுப்பினர் சாமிதுரை, வக்கீல். எதிரே தியாகேசன், ராஜராஜன். இந்தப் பக்கம் மேகலாவும் கயலும் நானும். ராஜராஜன் கோடு போட்ட படங்களைக் காட்டிப் பேசினார். சந்தேகமே இல்லாத பேச்சு. கேட்கச் சுகமாக இருந்தது, பொய்க்குத்தான் அந்தச் சுகம் வரும்.

பிறகு நான் பேசினேன். குரங்கில் என்ன கண்டார்கள், மனிதரில் என்ன தெரியாது, அந்தக் கோட்டில் என்ன குறை, கண் எங்கே இருந்தது என்று பதிவு இல்லை, இப்படி ஒரு சோதனையை வைத்து எந்த மனிதருக்கும் இரக்கம் உண்டு இல்லை என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. நன்றாகத்தான் பேசினேன். நஜ்மா தலையாட்டிக் கேட்டார்.

சாமிதுரை பேனாவை மூடினார். "சரிங்க டாக்டர். இந்த டெஸ்ட்டால சொல்ல முடியாது. ஒத்துக்கறோம். உங்களால சொல்ல முடியுமா? இந்தப் பொண்ணுக்கு அந்தப் பையன் மேல இரக்கம் இருந்துச்சுன்னு?"

"உள்ள என்ன இருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

"அவ கரையில நின்னு கையாட்டினது விளையாட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அது மூழ்கற பையனோட கை அசைவ அவ பாத்துச் செஞ்சதா இருக்கலாம். மையத்துல அதத்தான் ஒரு வருசமாப் பழக்கியிருக்காங்க. காப்பி பண்றது வேற, இரக்கம் வேற."

"இருக்கலாம்னு சொல்றீங்க. நிச்சயமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது."

"அப்ப குழந்தை முழுகறதப் பாத்துக்கிட்டே அதே மாதிரி ஆடிக் காட்டியிருக்கா. காப்பாத்தவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. நீங்களே சொல்லிட்டீங்க," என்று அவர் நஜ்மாவிடம் திரும்பினார். தியாகேசன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள் ஆடியது.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கையாலாகாமல் உட்கார்ந்ததில்லை. சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. ராஜராஜன் தெரியாததைத் தெரியும் என்றார், நம்பினார்கள். நான் தெரியாததைத் தெரியாது என்றேன், அது அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நான் மேகலாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

நஜ்மா, காப்பகம் நல்ல காப்பகம்தான், மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். மேகலா எழுந்தாள்.

"கூப்புட வந்தாளுங்க," என்றாள். யாருக்கும் முதலில் விளங்கவில்லை. "எம் பொண்ணு என்னயக் கூப்புட வந்தா. கையப் புடிச்சு இழுத்தா. நாந்தான் போகல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவ விடாம இழுத்தா, நான் தள்ளி விட்டேன்."

சோறு வடித்துக்கொண்டிருந்தது, வளையல் உடைந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல், ஊரார் யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். ராஜராஜனின் முகம் வெளுத்துவிட்டது. நாங்க சொன்னது அதுக்கு இல்ல, ஆபத்துன்னா, என்று ஏதோ தொடங்கினார், சாமிதுரை கையமர்த்தினார். ஆபத்து எது, தண்ணீர்த் தாகம் எது என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தியாகேசன் மேகலாவைப் பார்க்காமலே கேட்டார்.

"உடனே போயிருந்தா?"

"தெரியல, மாமா."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உடனே போயிருந்தா இருந்திருப்பானா?"

அவனுடைய கையில் இருந்த கோரையை நினைத்தேன். "இருந்திருக்கலாம்," என்றேன். வேறு என்ன சொல்ல.

அவர் எழுந்துபோய் நஜ்மாவின் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "மனுவை நான் வாபஸ் வாங்கிக்கறேங்க. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அவ பாவம். நாங்க எல்லாருமே அவ கைய உதறுனவங்கதான், நானும் உதறியிருக்கேன்." நின்றார். "ஆனா இந்த மேகலா எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. என் பொண்டாட்டி இவ மூஞ்சியில முழிச்சா செத்துடுவா. ராம்கிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அதுவரை கல்லாக நின்ற மேகலா அப்போதுதான் உடைந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் குலுங்கினாள். கயல் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்தாள். பிறகு அவளும் இரண்டு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, குலுங்கினாள்.

"பாருங்க, பாருங்க," என்றார் நஜ்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "அம்மா அழுதா புள்ளையும் அழுவுது. இதுக்கா ஈரம் இல்லைன்னாங்க?" சாமிதுரையும் ஆமாம் என்றார். தாயின் துயரத்தைக் குழந்தை உணர்வதைக் குழு நேரில் கண்டது, குழந்தை தாயிடமே இருக்கலாம் என்று உத்தரவு எழுதச் சொன்னார்கள். அது எதையும் காட்டவில்லை என்று என் தொண்டை வரை வந்தது. வருடா வருடம் மாணவர்களைத் திட்டுகிற அதே முடிச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. உத்தரவில் மை காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். திருப்பனந்தாளிலிருந்து மேகலாவின் அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. தியாகேசன் எங்களைத் தாண்டிப் போய் பைக்கை எடுத்தார். அது உடனே கிளம்பவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.

"டாக்டரம்மா," என்றாள் மேகலா. "உள்ள அவ அழுதாளே. எனக்காகவா அழுதா? இல்ல நான் செஞ்சதப் பாத்துச் செஞ்சாளா?"

கயலின் கண் காய்ந்திருந்தது. காய்ந்த கண்ணோடு துக்கப்படுகிறவர்களும் உண்டு. ஆமாம், உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வீட்டுக் கூரை ஒன்றும் இடிந்து விழப்போவதில்லை. ஆனால் கேட்டவள் அன்றைக்கு எல்லாவற்றையும் உண்மையாகவே சொன்னவள்.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதை எதிர்பார்த்தவள் மாதிரிதான் இருந்தது.

"இனிமே கையப் புடிச்சா அம்மா வந்துடுவேன்னு இவளுக்கு எப்புடிங்க சொல்றது?"

"சொன்னாப் புரியாது. எழுந்து போய்க் காட்டணும். எந்த வேலையில இருந்தாலும், எதுக்கு இழுத்தாலும், அந்த நிமிசமே போகணும். போகப் போகத் திரும்ப நம்பிக்கை வரலாம்."

மேகலா கீழே குந்தி, தன் வலது கையைக் கயலின் முன்னால் நீட்டினாள். கயல் தன் வலது கையை அதே மாதிரி நீட்டினாள். இரண்டு கையும் எதிரெதிரே நின்றன, தொடவில்லை.

"அவ இழுக்கறதே இல்லியே, டாக்டரம்மா," என்றாள் மேகலா. "அன்னைக்கி நான் தள்ளி விட்டதுதான் கடைசி."